ஒட்டக் கறந்த பால்

சுதந்திரம் வந்த மறு வருஷம் எங்கள் ஊரில் பால் சங்கம் ஆரம்பித்தார்கள். கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போகிற பாதையில் இருந்த பழைய நெல் கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து, முன்னால் ஒரு மேஜையும் தராசும் போட்டார்கள். விடியற்காலையில் நாங்கள் கொண்டுபோய் ஊற்றும் பால் பெரிய கேன்களில் நிரம்பி, மாட்டு வண்டியில் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து ரயிலேறித் திருச்சிக்குப் போகும். எங்கள் ஊர் எருமைகள் டவுன்காரர்களின் காப்பிக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தது இப்படித்தான். காப்பி என்ற ஒன்றை நான் வாயில் வைத்துப் பார்த்தது அதற்குச் சில வருஷம் கழித்து.

அதுவரை பாலைப் படியால் அளந்து விற்றுப் பழகியவர்கள் நாங்கள். சங்கத்தில் அப்படி இல்லை. பாலை ராத்தல் கணக்கில் நிறுப்பார்கள். நிறுத்த பிறகு ஒவ்வொருவர் பாலிலிருந்தும் ஒரு சின்னக் கரண்டி எடுத்து, அவரவர் நம்பர் எழுதிய பாட்டிலில் ஊற்றுவார்கள். கெட்டுப்போகாமல் இருக்க அதில் மருந்து போட்டிருக்கும். இப்படிப் பதினைந்து நாள் பால் அந்தப் பாட்டிலில் சேரும். கடைசி நாளன்று டெஸ்டர் அந்தப் பாலில் கொஞ்சம் எடுத்து, திராவகத்தோடு கலந்து ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, கையால் சுற்றுகிற மிஷினில் வைத்துச் சுற்றுவார். கொழுப்பு மட்டும் பிரிந்து, குழாயின் ஒடுங்கிய கழுத்தில் மஞ்சளாக ஏறி நிற்கும். கழுத்தில் கோடு போட்டிருக்கும். அஞ்சாவது கோட்டில் நின்றால், நூறு ராத்தல் பாலில் அஞ்சு ராத்தல் கொழுப்பு. அந்தக் கொழுப்புக்குத்தான் காசு. தண்ணீருக்குக் காசு கிடையாது என்று செக்ரட்டரி முதல் கூட்டத்தில் சொன்னபோது பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன், அதை மறைப்பானேன்.

சங்கத்தில் எருமை வாங்கக் கடனும் கொடுத்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு பட்டுவாடா. சேர்ந்திருக்கிற பால் காசில் கடன் தவணையையும் வட்டியையும் முதலில் பிடித்துக்கொள்வார்கள். அடுத்து, சங்கத்தில் வாங்கிய புண்ணாக்குக்கும் பருத்திக்கொட்டைக்கும் பிடிப்பார்கள். மிச்சம்தான் கைக்கு வரும். கடன் தீருகிறவரை எருமை சங்கத்துக்கு அடமானம். இரண்டு மெம்பர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கடனில்தான் எங்கள் அக்கா எருமை வாங்கினாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நாங்களுமாக இருந்தோம். அவள் புருஷன் சண்டைக்கு முன்னால் மலேயா போனவர். சண்டை முடிந்தது, போன மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், இவர் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. பிள்ளையும் கிடையாது. அவர் பங்கு நிலத்தை என் வீட்டுக்காரர் உழுது வருஷத்துக்கு இத்தனை மூட்டை என்று அவளுக்கு அளந்து போட்டார். உப்புக்கும் புளிக்கும் துணிக்கும் அவள் யாரிடமாவது கை நீட்ட வேண்டியிருந்தது.

குரும்பலூர்ப் பக்கத்தில் அவளுடைய அண்ணன் வசதியாக இருந்தார். வருஷா வருஷம் வந்து கூப்பிடுவார். அவள் போக மாட்டாள்.

"அண்ணன் நல்லவருதான்டி. ஆனா சோறு போடுறது அண்ணி. ஒரு கரண்டி போட்டுட்டு மூஞ்சியப் பாக்கும். அந்தச் சோறு எறங்குமா?" என்பாள் என்னிடம்.

அதனால் அந்த எருமை அவளுக்கு வெறும் எருமை இல்லை. அது பால் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டால், அவள் தன் வீட்டில், தன் அடுப்பில், தன் காசில் இருந்துகொள்ளலாம். இல்லையென்றால் அண்ணி வீட்டுச் சோறு. என் வீட்டுக்காரர் ஜாமீன் கையெழுத்துப் போடும்போது கையைத் தூக்கித் தூக்கி வைத்தார். நான் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டே இருந்தேன், போட்டுவிட்டார்.

ஆனி மாசக் கடைசியில் எருமை வந்தது. நல்ல கறுப்பு, அகலமான மடி, கூடவே பிறந்து சில நாளே ஆன கிடாரிக் கன்று. கிடாரி என்பதால் அக்காவுக்கு இரட்டைச் சந்தோஷம். இரண்டு மூன்று வருஷம் போனால் அதுவும் ஈன்று பாலுக்கு நிற்கும். அதன் காதை நீவிக்கொண்டே, "இதுக்குச் சங்கத்துல கடன் கெடையாது. இது முழுசா என்னுது" என்று சொன்னாள்.

முதல் பட்டுவாடா அன்று செக்ரட்டரி ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுக் கணக்குச் சொன்னார். என் எருமைக்குக் கொழுப்பு ஏழு. அக்கா எருமைக்கு அஞ்சு. பால் என்னுடையதைவிட அவளுடையதுதான் அதிகம், காசு என்னவோ எனக்குத்தான் அதிகம். நூத்தி இருபது ராத்தல் பால் ஊற்றியிருந்தாள், அதில் ஆறு ராத்தல் கொழுப்பு, பதினைந்து ரூபாய். அதில் தவணை பத்து ரூபாய் போச்சு. வட்டி போச்சு. புண்ணாக்குக்குப் போச்சு. கையில் வந்தது ஒரு ரூபாயும் சில்லறையும்.

எனக்கு அன்று பெருமை தலைக்கேறிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளைச் சீண்டினேன். "என்னக்கா, ஒங்க எருமைக்குக் கொழுப்பே இல்லியே, அது நம்ம வீட்டு எருமைதானா?" என்றேன். அவளும் விடுவாளா? "ஒங்க வூட்டுல எருமைக்கு மட்டுமா கொழுப்பு?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் வந்தோம். வாசலில் நின்று கையைத் திறந்து அந்த ஒரு ரூபாயைப் பார்த்தபோதுதான் அவள் முகம் சுருங்கியது.

மறுநாள் பால் ஊற்றிவிட்டு அவள் நகரவில்லை. டெஸ்டரிடம் நேராகவே கேட்டாள். டெஸ்டர் திருச்சிப் பக்கத்து இளைஞர், கல்யாணம் ஆகாதவர், திராவகம் பட்டு விரலெல்லாம் பொரிந்திருக்கும். கெட்ட மனிதர் இல்லை. இதை நான் இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ரொம்ப நாள் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது.

"எங்க எருமைக்கு என்னங்க கொறச்சல்? இவ எருமைக்குப் போடற தீனிதான் அதுக்கும் போடறேன்."

"எருமைக்கு ஒரு கொறையும் இல்லீங்க. நீங்க எப்படிக் கறக்குறீங்க?"

அவள் சொன்னாள். கன்றைக் கொஞ்ச நேரம் ஊட்ட விடுவாள், எருமை பால் சுரக்கும். கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டுக் கறப்பாள். மடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டுக் கன்றை அவிழ்த்து விடுவாள். மிச்சம் கன்றுக்கு. அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான். ஒட்டக் கறக்கக் கூடாது, அது கன்றின் பங்கு.

"அதாங்க. மொதல்ல வர்ற பாலு தண்ணியா இருக்கும். கறக்கக் கறக்கக் கெட்டியாவும். கடைசிப் பாலுலதான் கொழுப்பு பூரா இருக்கு. அது கன்னு வயித்துக்குப் போயிடுது, இந்தப் பாட்டிலுக்கு வர்றதில்ல" என்றார் அவர்.

எனக்கு ஏழு வந்த ரகசியமும் அதுதான். என் எருமையின் கன்று வளர்ந்து புல் தின்கிற கன்று, அதற்குச் சும்மா வாய் வைக்கக் காட்டிவிட்டு நான் ஒட்டக் கறந்துகொண்டிருந்தேன். என் பெருமையெல்லாம் அவ்வளவுதான்.

அக்கா அடுத்த இரண்டு பட்டுவாடாவுக்கும் பழைய மாதிரியே கறந்தாள், கொழுப்பும் அஞ்சைத் தாண்டவில்லை. ஆவணி பாதியில் ஒரு நாள் காலையில் கொட்டகைக்குப் போனபோது பார்த்தேன், முறையை மாற்றியிருந்தாள். கன்றை முதலில் விட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரமே விட்டாள். அது முட்டி முட்டிக் குடித்தது. அப்புறம் பிடித்துக் கட்டிவிட்டு, கடைசிச் சொட்டு வரை, காம்பை இழுத்து நீவி, ஒட்டக் கறந்தாள்.

"குடிக்கத்தான் குடிச்சிருச்சே. முன்னால குடிச்சா என்ன, பின்னால குடிச்சா என்ன? பாலு பாலுதானே" என்றாள், நான் கேட்காமலே.

அந்த மாசம் கொழுப்பு ஏழைத் தொட்டது. அடுத்த தடவை ஏழரை. செக்ரட்டரி அதைச் சத்தமாகச் சொன்னார். தவணையும் வட்டியும் புண்ணாக்கும் போக முதல் முறையாக அவள் கையில் நோட்டாகவே காசு வந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அரியலூர் கடைத்தெருவுக்குப் போனாள். கட்டம் போட்ட சேலை ஒன்று எடுத்தாள். கடைக்காரர் விலை சொன்னதும் பேரம் பேசாமல் முடிச்சை அவிழ்த்தாள். பேரம் பேசத் தெரியாதவள் இல்லை அவள், கீரைக்காரியையே அழ வைக்கிறவள்.

"பத்து வருசமா அண்ணன் எடுத்துக் குடுத்ததைத்தான் கட்டுனேன். இது யாரையும் கேக்காம எடுத்தது" என்றாள் வழியில். அந்தச் சேலையின் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே நடந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கன்று மட்டும் தேறவில்லை. தண்ணிப் பாலைக் குடித்து வயிறு நிரம்பிய மாதிரி இருந்தது, உடம்பில் ஒட்டவில்லை. முதுகெலும்பு தெரிந்தது. ரோமம் பளபளப்பு போய்ச் சிலிர்த்து நின்றது. புரட்டாசியில் அது மண் தின்ன ஆரம்பித்தது. கட்டின இடத்தில் தரையை நக்கி நக்கிப் பள்ளமாக்கியது. வாயில் பிரம்புக் கூடை கட்டினாள், கஞ்சி காய்ச்சிப் புகட்டினாள். நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்.

"அக்கா, கொஞ்ச நாளைக்குக் கடைசிப் பால வுடுங்க. காசு பின்னால வந்தாப் போவுது."

"பாதிக் கடன் தீரட்டும்டி. பாதி தீந்துட்டா அப்பறம் தவணையக் கொறச்சுப் போடச் சொல்லிக் கேக்கலாம்னு செக்ரட்டரி சொல்லிருக்காரு. அப்பறம் அது குடிக்கட்டும், பூராவும் அதே குடிக்கட்டும்."

இதில் அவளைப் பேராசைக்காரி என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. எங்கள் ஊரில் சொன்னார்கள். சொன்னவர்கள் வீட்டில் ஆண்பிள்ளை சம்பாதித்துப் போட்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் ஈரம். கன்றுக்குக் கழிச்சல் கண்டது. வேப்பிலையும் சுக்கும் அரைத்துக் கொடுத்தோம், கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் காசு முடிந்து வைத்தோம். ஒரு காலையில் நான் பால் சொம்போடு அந்தப் பக்கம் போனேன். அக்கா கன்றின் கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கன்று படுத்திருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. எருமை கழுத்தை நீட்டி நீட்டி அதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"என்னுதுன்னு சொன்னேனேடி" என்றாள். அதற்கு மேல் அழுகைதான். நானும் அழுதேன். எருமைக்கன்று செத்ததற்கு இரண்டு பொம்பளைகள் இப்படி அழுவார்களா என்று என் வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எருமை பாலை ஒளித்துக்கொண்டது. கன்று வாய் வைக்காமல் அது சுரப்பு விடவில்லை. மடி கனத்திருக்கும், காம்பைப் பிடித்தால் கொஞ்சம் வரும், அப்புறம் நின்றுவிடும். உதைத்தது. செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்திப் பார்த்தோம், முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. முன்னால் பருத்திக்கொட்டை வைத்தோம், முதுகைத் தடவினோம், அக்கா அதன் காதோரம் என்னென்னவோ பேசிப் பார்த்தாள். வந்தது சொம்பில் கால்வாசி.

அந்தக் கால்வாசியிலும் இன்னொரு கொடுமை இருந்தது. எருமை பிடித்து வைத்துக்கொண்டது கடைசிப் பாலை. வெளியே விட்டது முதல் பாலை மட்டும். அந்தப் பதினைந்து நாள் பாட்டிலைச் சுற்றியபோது மஞ்சள் மூன்றாவது கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. எருமைப் பாலில் மூன்று யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் கலந்தாளோ என்று லாக்டோமீட்டர் போட்டுப் பார்த்தார்கள், அது தண்ணீர் இல்லை என்றது.

தண்ணீரும் இல்லை, கொழுப்பும் இல்லை என்றால் அது ஏடெடுத்த பால் என்பது சங்கத்துத் தலைவரின் முடிவு. பட்டுவாடா அன்று அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

"ஏம்மா, ஏட எடுத்து வெண்ண உருக்கிட்டு மிச்சத்த இங்க கொண்டாந்து ஊத்துறியா? சங்கத்துல கடனும் வாங்கிட்டு சங்கத்தையே ஏமாத்துறியா?"

அக்கா கட்டம் போட்ட அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் வரிசையை விட்டு மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"இவ்வளவு பாலுல ஏடு எடுத்து எந்தக் கடையில போயி விக்கிறது? வந்து பாருங்க எங்க வூட்ட. ஒரு பானைய மோந்து பாருங்க, வெண்ண வாசம் அடிக்குதான்னு. கன்னு செத்த எருமைங்க அது. கடைசிப் பாலு எங்க இருக்குன்னு ஒங்க டெஸ்டர்கிட்டயே கேளுங்க, அவருதான் சொல்லிக் குடுத்தாரு!"

டெஸ்டர் எழுந்து நின்றார். "அவங்க சொல்றது சரிதான் சார். கன்னு இல்லாத எருமை பாலு எறக்காது, எறக்காதப்ப கொழுப்பு இப்படித்தான் நிக்கும். ஏடு எடுக்கல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரல் தாழ்த்தி, "நான் ஒட்டக் கறங்கன்னு சொல்லலீங்களே" என்றார். சொல்லவில்லைதான். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார். அந்த உள்ளதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் அக்காவுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கத் தெரியாமல் நின்றேன்.

தலைவர் அதோடு அந்தப் பேச்சை விட்டார். ஆனால் கணக்கு விடவில்லை. சேர்ந்திருந்த பால் காசு தவணையில் பாதிக்குக்கூடக் காணவில்லை. பாக்கி அடுத்த பட்டுவாடாவுக்கு ஏறியது, அதற்கு வட்டி ஏறியது. புண்ணாக்குக் கணக்கு தனியாக ஏறியது. அடுத்த பட்டுவாடாவும் அப்படியே. அதற்கு மறுவாரம் ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வந்தது. பாக்கியை மெம்பர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரரின் பால் காசில் பிடிக்கப்படும் என்று எழுதியிருந்தது. நான் ஊற்றும் பாலும் என் வீட்டுக்காரர் பெயரில்தான்.

அன்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையை நான் எழுதப் போவதில்லை. பிடித்தால் பிடிக்கட்டும், நான் ஊற்றுகிற பால், என் கையில் கறக்கிற பால் என்று நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. "எவ்வளவு நாளைக்குப் பிடிக்கச் சொல்றே? அது இனிமே சினை புடிச்சு, கன்னு போட்டு, பாலுக்கு நிக்க ஒரு வருசத்துக்கு மேல ஆவும். அதுவரைக்கும் அதுக்குத் தீனி யாரு போடறது? நம்ம புள்ளைங்களுக்கு யாரு போடறது?" என்றார். அவர் சொன்னது கணக்குக்குச் சரி. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் விடிந்ததும் வந்து வாசலில் நின்றாள்.

"தம்பி, எருமைய ஓட்டிட்டுப் போயி வித்துடுங்க. தங்கச்சி பால் காசுல கை வைக்க வேணாம்."

என் வீட்டுக்காரர் செக்ரட்டரியிடம் அனுமதி வாங்கி, அரியலூர்ச் சந்தைக்கு ஓட்டினார். பால் வற்றிக்கொண்டிருக்கிற எருமைக்கு என்ன விலை வரும்? வாங்கின விலையில் முக்கால்வாசி வந்தது. அந்தப் பணத்தை சங்கத்து மேஜையிலேயே எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். மூக்கணாங்கயிற்றை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார், வாங்கினவர் புதுக் கயிறு கொண்டு வந்திருந்தாராம். அக்கா அதை வாங்கிக் கொட்டகைக் கம்பத்தில் மாட்டினாள். பிறகு வெகுநேரம் சாணி அள்ளினாள், அள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

செய்தி போய், அவளுடைய அண்ணன் வில்வண்டியோடு வந்தார். பட்டுவாடாவுக்கு இன்னும் சில நாள் இருந்தது. எருமையை விற்பதற்கு முன் அந்தச் சுற்றில் ஊற்றிய கொஞ்சப் பாலுக்கான காசு கணக்கில் நின்றது, அதைச் சுற்று முடியாமல் கொடுக்க மாட்டார்கள். "இருந்து வாங்கிட்டுப் போங்களேன் அக்கா" என்றேன், இரண்டு நாளாவது கூட இருப்பாளே என்ற ஆசையில். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் வண்டி மாட்டை ஏற்கனவே திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீ வாங்கி வையி. எப்பவாச்சும் வரும்போது கொண்டாந்து குடு" என்று சொல்லிவிட்டு, செக்ரட்டரிக்குக் கொடுக்க ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். வீட்டில் தன் பக்கத்தைப் பூட்டினாள். சாவியை என் கையில் வைத்தாள். அழக்கூடாது என்று இரண்டு பேரும் தீர்மானித்திருந்தோம். வண்டி கோயில் பாதை திரும்பும் வரை நான் அந்தத் தீர்மானத்தைக் காப்பாற்றினேன்.

பட்டுவாடா அன்று அவள் நம்பரைக் கூப்பிட்டபோது நான் போனேன். செக்ரட்டரி நிதானமாகக் கணக்குச் சொன்னார். எருமை விற்ற பணத்தில் கடன் அசலும் வட்டியும் தீர்ந்தது, புண்ணாக்குப் பாக்கி தீர்ந்தது, மிஞ்சியது இவ்வளவு, கடைசியாக ஊற்றின பாலுக்கு இவ்வளவு, மெம்பராகச் சேரும்போது அவள் கட்டிய பங்குத் தொகை திரும்பியது இவ்வளவு. எல்லாம் சேர்த்து பன்னிரண்டு ரூபாய் சொச்சம். "கடன் தீந்தாச்சும்மா, இனிமே அவங்க சங்கத்துக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல" என்றார் அவர். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். நான் பணத்தைத் துணியில் முடிந்துகொண்டு வந்தேன்.

தை அறுப்பு முடிந்த பிறகுதான் எனக்குப் போக முடிந்தது. அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ், அங்கிருந்து குரும்பலூர் வரை ஒரு வண்டி, அப்புறம் நடை. சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் வீடு பெரிய வீடுதான், பின்கட்டில் மாடுகள் நின்றன. அக்கா பால் கறந்துகொண்டிருந்தாள். அண்ணி கொல்லை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது, ஆனால் கறப்பதை நிறுத்தவில்லை. இளைத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சொம்பை எடுத்து வைத்துவிட்டு, கன்றை அவிழ்த்து விட்டாள். அது ஓடிவந்து மடியில் முட்டியது.

"அதுக்குள்ளயா வுட்டுட்டே? இன்னும் மடியில இருக்கும் போலிருக்கே" என்றாள் அண்ணி.

"அவ்வளவுதான் அண்ணி. வத்திருச்சு" என்றாள் அக்கா. கன்றின் கடைவாயில் பால் நுரைத்து வழிந்துகொண்டிருந்தது. அவள் அதை மறைத்தாற்போல மாட்டுக்கும் அண்ணிக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

நான் மடியிலிருந்து துணி முடிச்சை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "சங்கத்துக் காசுக்கா. கணக்கு தீந்துருச்சு" என்றேன். அவள் அதைக் கையில் வைத்து ஒரு நிமிஷம் கனம் பார்த்தாள். முடிச்சை அவிழ்க்கவில்லை, எவ்வளவு என்று கேட்கவும் இல்லை. அப்படியே கொல்லைப் படிக்குப் போய், நின்றுகொண்டிருந்த அண்ணியின் கையில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.